முதல் விலை ஏலத்தில், கடைசி விலை சராசரியில்

ஆரம்பாக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போகும் ஒருவர், காலை 9.05-க்கு கேட் அருகே நின்று போனில் ஒரு பங்கை வாங்க ஆர்டர் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சந்தை திறப்பது 9.15-க்கு. ஆனால் அவருடைய ஆர்டர் அதற்கு முன்பே ஓர் ஏலத்தில் சேர்ந்துவிடுகிறது. தேசியப் பங்குச் சந்தையிலும் மும்பை பங்குச் சந்தையிலும் 2010 அக்டோபர் 18 முதல் இந்த ‘ப்ரீ ஓப்பன்’ ஏலம் நடக்கிறது.

9 மணி முதல் ஆர்டர்கள் குவியும். அவற்றை மாற்றலாம், ரத்தும் செய்யலாம். 9.07-க்கும் 9.08-க்கும் இடையே ஏதோ ஒரு நொடியில் கதவு மூடும். எந்த நொடி என்று யாருக்கும் தெரியாது. பெரிய ஆர்டர் போட்டு விலையை ஏற்றிக்காட்டி, கடைசி நொடியில் ரத்து செய்கிற வேலையைக் கடினமாக்கவே இந்த ஏற்பாடு.

பிறகு, எந்த விலையில் அதிகப் பங்குகள் கைமாறுமோ அதுவே தொடக்க விலை. நேற்று 100 ரூபாயில் முடிந்த ஒரு பங்கைப் பார்ப்போம். வாங்குவோர் 102 ரூபாய்க்கு 300, 101-க்கு 400, 100-க்கு 500 பங்கு கேட்கிறார்கள். விற்போர் 99-க்கு 200, 100-க்கு 300, 101-க்கு 400 பங்கு தருகிறார்கள். விலை 100 என்றால் 500 பங்குதான் கைமாறும். 102 என்றால் 300தான். 101 என்றால் 700 கைமாறும். எனவே விலை 101. 102 கொடுக்கத் தயாராக இருந்தவரும் 101தான் கொடுப்பார்; 99-க்கு விற்க வந்தவருக்கும் 101 கிடைக்கும். 101-க்கு விற்கக் கேட்டதில் மிஞ்சிய 200 பங்கு 9.15-க்கு வழக்கமான சந்தைக்குப் போகும்.

மாலையில் கதை வேறு. கடைசி வியாபாரம் 106 ரூபாயில் நடந்ததைப் பார்த்தவர், சற்று நேரத்தில் ‘முடிவு விலை 102.40’ என்று கண்டு குழம்புவார். தவறு எதுவுமில்லை. நம்மூரில் நீண்ட கால வழக்கம், 3 முதல் 3.30 வரை நடந்த வியாபாரங்களின் அளவு சார்ந்த சராசரியையே முடிவு விலையாக எடுப்பது. அந்த அரை மணியில் 900 பங்கு 102-க்கும், 100 பங்கு 106-க்கும் கைமாறினால் சராசரி 102.40.

கடைசி நிமிடத்தில் யாரோ ஏற்றிவிட்ட விலை முழுதாக ஒட்டிக்கொள்ளாது என்பது இதன் நன்மை. ஆனால் குறியீட்டு ஃபண்டுகளுக்கு இது தலைவலி. அவை முடிவு விலையிலேயே வாங்க வேண்டும், சராசரியோ 3.30-க்குப் பிறகுதான் தெரியவரும். நியூயார்க், லண்டன் சந்தைகளில் முடிவு விலையும் ஏலத்தில் பிறப்பதால் எல்லோருக்கும் அந்த ஒரே விலை கிடைக்கிறது. அதே முறையை, முதலில் எஃப் அண்ட் ஓ வியாபாரம் உள்ள பங்குகளுக்குக் கொண்டுவர 2025 ஆகஸ்டில் செபி யோசனை வெளியிட்டது.

காலை ஏலத்தில் ‘மார்க்கெட் ஆர்டர்’ போட்டால், அங்கே பிறக்கும் விலை எதுவானாலும் ஏற்கிறேன் என்று கையெழுத்திட்டதுபோல. ஆர்டர்கள் குறைவான சிறிய பங்குகளில் அந்த விலை நேற்றைய விலையிலிருந்து வெகுவாக விலகலாம். அவற்றுக்கு ‘லிமிட்’ விலை குறிப்பிடாமல் ஆர்டர் போடாதீர்கள்.