முந்த முடியாத சாலையில் எத்தனை அணிகள்?

ஏழாம் வகுப்பு மாணவரும் 'காலம் = தொலைவு ÷ வேகம்' என்று சொல்வார். அந்த ஒரு வாய்பாட்டைக் கொண்டே மேல்நிலை வகுப்பில் 'அடுக்கு' என்னும் தரவுக் கட்டமைப்பை விளக்கிவிடலாம். நான் பதினோராம் வகுப்பில் இதற்கு எடுத்துக்கொள்ளும் கணக்கு இது.

ஒரு வழித்தடம் மட்டுமே உள்ள சாலை. யாரும் யாரையும் முந்த முடியாது. எல்லாக் கார்களும் 120 கி.மீ. குறியில் உள்ள ஊருக்குச் செல்கின்றன. வேகமான கார் முன்னால் செல்லும் மெதுவான காரை எட்டியதும், அதன் வேகத்துக்குக் குறைந்து அதன் பின்னாலேயே செல்லும். இப்படிச் சேர்ந்து செல்பவை ஓர் அணி. தனியாகச் செல்லும் காரும் ஓர் அணியே. ஊரின் எல்லையில் சரியாக எட்டிப் பிடித்தாலும் சேர்ந்ததாகக் கொள்வோம். எத்தனை அணிகள் ஊர் சேரும்?

கார்கள் புறப்படும் இடமும் மணிக்கான வேகமும் (கி.மீ.):

அ: இடம் 20, வேகம் 50
ஆ: இடம் 50, வேகம் 70
இ: இடம் 30, வேகம் 60
ஈ: இடம் 60, வேகம் 30
உ: இடம் 0, வேகம் 48

எந்தக் கார் எந்தக் காரை எப்போது பிடிக்கும் என்று ஒவ்வோர் இணையாகக் கணக்கிட மாணவர்கள் தொடங்குவார்கள். அது தேவையில்லை. பின்னால் வரும் கார் முன்னால் செல்லும் காரை ஒருபோதும் பாதிக்காது. பாதிப்பு எப்போதும் முன்னிருந்து பின்னுக்கே வரும். ஆகவே ஊருக்கு மிக அருகில் உள்ள காரிலிருந்து தொடங்க வேண்டும். இடத்தை இறங்கு வரிசையில் அடுக்கினால் ஈ, ஆ, இ, அ, உ என்று வரும்.

இனி ஒவ்வொரு காரும் தடையின்றிச் சென்றால் ஆகும் நேரத்தைக் காண்போம். ஈ-க்கு 60 ÷ 30 = 2 மணி. இதுவே முதல் அணி. 2 என்பதை அடுக்கில் இடுகிறோம். ஆ-வுக்கு 70 ÷ 70 = 1 மணி. முன்னால் உள்ள அணி 2 மணிக்குத்தான் சேரும் என்பதால், ஆ வழியிலேயே அதனுடன் சேர்ந்துவிடும். அடுக்கில் எதுவும் இடுவதில்லை.

அடுத்த இ-யில்தான் கணக்கின் உயிர்நாடி இருக்கிறது. அதற்கு 90 ÷ 60 = 1.5 மணி. பல மாணவர்கள் இதை முன்னால் உள்ள ஆ-வின் 1 மணியோடு ஒப்பிட்டு, 'பிடிக்காது, புதிய அணி' என்பார்கள். ஆனால் ஆ இப்போது தன் வேகத்தில் செல்லவில்லை. 15 நிமிடத்திலேயே ஈ-யின் பின்னால் மாட்டிக்கொண்டது. எனவே ஒப்பிட வேண்டியது அடுக்கின் உச்சியில் உள்ள 2-உடன். 1.5 அதைவிடக் குறைவு என்பதால் இ-யும் சேர்கிறது. சரிபார்க்க, 1 மணி நேரத்தில் இரண்டும் 90 கி.மீ. குறியில் இருப்பதைக் காட்டலாம்.

அ-வுக்கு 100 ÷ 50 = 2 மணி. உச்சியில் உள்ள எண்ணுக்குச் சமம். ஊர் எல்லையில் சேர்கிறது. உ-வுக்கு 120 ÷ 48 = 2.5 மணி. இது 2-ஐவிட அதிகம், எட்ட முடியாது. 2.5 அடுக்கில் ஏறுகிறது. அடுக்கில் இருப்பவை 2, 2.5. விடை: இரண்டு அணிகள். பக்கத்துக் காரோடு மட்டும் ஒப்பிட்டிருந்தால் நான்கு என்று வந்திருக்கும். மாணவரின் விடை நான்கு என்றால், எங்கே தவறியது என்று உடனே தெரிந்துவிடும்.

பைத்தானில் இதே படிகள்:

```python
target = 120
cars = [(20,50), (50,70), (30,60), (60,30), (0,48)]
cars.sort(reverse=True)
stack = []
for pos, speed in cars:
    time = (target - pos) / speed
    if not stack or time > stack[-1]:
        stack.append(time)
print(len(stack))
```

`reverse=True` விடுபட்டால் பின்னாலிருந்து கணக்கிடத் தொடங்கிவிடும். `>` என்பதற்குப் பதில் `>=` இட்டால் அ தனி அணியாகி, விடை 3 ஆகும்.

கரும்பலகையில் செய்யும்போது நேரத்தை முழுமையாக்கி எழுத விடக் கூடாது. முன்காருக்கு 93 ÷ 40, பின்காருக்கு 105 ÷ 45 என்றால், ஒரு தசம இடத்தில் இரண்டும் 2.3, சேர்ந்ததுபோல் தோன்றும். உண்மையில் 2.325, 2.333...; சேராது. பின்னமாகவே வைத்துக் குறுக்குப் பெருக்கல் செய்யச் சொல்லலாம்.

எண்ணிக்கை மட்டும் போதுமென்றால், கடைசி அணியின் நேரத்தை ஒரு மாறியில் வைத்தாலே போதும். அடுக்கு இருந்தால் ஒவ்வோர் அணியும் சேரும் நேரமும் வரிசையாகக் கையில் இருக்கும்.

பயிற்சிக்கு, ஈ-யின் வேகத்தை மட்டும் 60 ஆக்கிக் கொடுங்கள். அதன் நேரம் 1 மணியாகும். ஆ அதனுடன் ஊர் எல்லையில் சேரும். மற்ற மூன்றும் தனித்தனியே வரும். ஒரு காரின் வேகம் மாறியதும் அணிகள் இரண்டிலிருந்து நான்காவது ஏன் என்பதை மாணவர்கள் தம் சொற்களில் எழுதட்டும்.