வீட்டுக்காரரின் எச்சரிக்கைக் கடிதம்: எழுதுவது எப்படி, வந்தால் என்ன செய்வது

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு வீட்டுக்காரரிடமிருந்து தபாலில் ஒரு கடிதம் வந்தால், வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள் என்றே பெரும்பாலும் நினைத்துவிடுகிறார்கள். வீட்டுக்காரர்களில் சிலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கடிதம் கொடுத்தாயிற்று, இனிப் பூட்டைப் போடலாம் என்று கிளம்பிவிடுகிறார்கள். இரண்டுமே தவறு. எச்சரிக்கைக் கடிதம் வேறு, காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் வேறு. முன்னது, "ஒப்பந்தத்தில் இல்லாததைச் செய்கிறீர்கள், இத்தனை நாளுக்குள் சரி செய்தால் தொடர்ந்து இருக்கலாம்" என்று சொல்வது. அதைச் சரியாக எழுதினால் பல குடும்பங்கள் வீடு மாறாமலே பிரச்சினை தீர்ந்துவிடும்.

இது வெறும் மரியாதைக்காகச் செய்வதும் அல்ல. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, எந்தெந்தக் காரணங்களுக்காக வாடகைதாரரை வெளியேற்றக் கேட்கலாம் என்று சொல்கிறது. அதில் ஒன்று, வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது. கட்டடத்துக்குச் சேதம் உண்டாக்குவது, அக்கம்பக்கத்துக்குத் தொல்லை தருவது, கூடுதல் இடத்தைப் பிடித்துக்கொள்வது எல்லாம் இதில் வரும். ஆனால் ஒருமுறை தவறாகப் பயன்படுத்தினார் என்பது மட்டும் போதாது. நிறுத்தச் சொல்லி வீட்டுக்காரர் நோட்டீஸ் கொடுத்த பிறகும் அதையே தொடர்ந்தார் என்று இருக்க வேண்டும். ஆகவே எச்சரிக்கை இல்லாமல் நேராக வாடகை நீதிமன்றத்துக்குப் போகிறவரின் வழக்கு அங்கேயே பலவீனமாகிவிடும். பழைய சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 114-ஏ பிரிவிலும் இதே எண்ணம்தான் இருக்கிறது: எந்த நிபந்தனை மீறப்பட்டது என்று குறிப்பிட்டு எழுத வேண்டும், திருத்தக்கூடியதாக இருந்தால் திருத்தச் சொல்ல வேண்டும், அதற்கு நியாயமான காலம் கொடுக்க வேண்டும்.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். மாடி வீடு ஒன்று, மாத வாடகை 8,500 ரூபாய், அட்வான்ஸ் 25,000. கீழே வீட்டுக்கார பாய் குடும்பத்துடன் இருக்கிறார். மாடியில் இருப்பவரின் கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார், ஒப்பந்தமும் அவர் பெயரில்தான். அங்கிருந்து பணம் வருவது தட்டுப்படவே, வீட்டம்மா கல்யாணம், காதுகுத்துக்கு பிரியாணி ஆர்டர் எடுக்கத் தொடங்குகிறார். முதலில் வீட்டுக்குள் கேஸ் அடுப்பில் ஐந்து கிலோ. பிறகு மொட்டை மாடியில் விறகடுப்பு மூட்டி, பெரிய தேக்சாவில் இருபது கிலோ. கழுவிய எண்ணெய்த் தண்ணீரும் சோற்றுப் பருக்கையும் ஒரே குழாயில் இறங்கி, கீழ்வீட்டுச் சாக்கடை இரண்டு முறை அடைத்துக்கொள்கிறது. அடுப்பின் சூட்டில் மாடித் தட்டோடு வெடித்து, மழை பெய்தபோது கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் இறங்குகிறது. பாய் மூன்று முறை வாயால் சொல்லிப் பார்த்தார். "சரி பாய், இந்த ஆர்டரோட நிறுத்திடறேன்" என்றார் அந்தம்மா. நிற்கவில்லை.

இங்கே இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. பாய்க்கு வீடு கெடுகிறது. அந்தம்மாவுக்கு அடுப்பை அணைத்தால் வருமானம் போகிறது, வீட்டை விட்டால் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் மாறிவிடும். கோபத்தில் எழுதும் கடிதத்தில் இதில் எதுவும் வராது. "இனிமேல் ஒழுங்காக இருக்கவும், இல்லாவிட்டால் நடவடிக்கை எடுக்கப்படும்" என்று இரண்டு வரி எழுதினால், எதைத் திருத்த வேண்டும் என்று வாங்கியவருக்கும் தெரியாது, நாளைக்கு அதைப் படிக்கும் நீதிபதிக்கும் தெரியாது. பாய் எழுத வேண்டியது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"அஸ்ஸலாமு அலைக்கும். மேற்படி வீட்டை மார்ச் 1ஆம் தேதி ஒப்பந்தப்படி தங்களுக்குக் குடியிருக்க வாடகைக்கு விட்டுள்ளேன். ஒப்பந்தத்தின் 4ஆவது நிபந்தனைப்படி வீட்டைக் குடியிருப்புக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். 7ஆவது நிபந்தனைப்படி மொட்டை மாடியில் அடுப்பு மூட்டக்கூடாது. ஆனால் ஜூன் 14, ஜூலை 5, ஜூலை 26 ஆகிய தேதிகளில் மொட்டை மாடியில் விறகடுப்பில் சமையல் நடந்தது. ஜூலை 6ஆம் தேதியும் 27ஆம் தேதியும் சாக்கடை அடைத்து, ஆள் வைத்து எடுக்க மொத்தம் 1,800 ரூபாய் செலவானது, ரசீது நகல் இணைத்துள்ளேன். தட்டோடு வெடித்ததற்கும் கூரையில் ஈரம் இறங்கியதற்கும் போட்டோ இணைத்துள்ளேன். மூன்று முறை நேரில் சொல்லியும் தொடர்ந்ததால் இதை எழுத்தில் தருகிறேன். மாடியில் அடுப்பு மூட்டுவதைக் கடிதம் கிடைத்த நாள் முதலே நிறுத்த வேண்டும். எண்ணெய்த் தண்ணீரைக் குழாயில் ஊற்றுவதை 7 நாளுக்குள் நிறுத்த வேண்டும். தட்டோட்டை 30 நாளுக்குள் சரி செய்து தர வேண்டும், அல்லது கொத்தனார் கூலியை ஏற்க வேண்டும். இவற்றைச் செய்தால் ஒப்பந்தம் எப்போதும் போல் தொடரும். செய்யாவிட்டால் வீட்டைத் திரும்பப் பெற வாடகை நீதிமன்றத்தில் மனு செய்ய நேரிடும். இதற்கிடையில் வாடகை வாங்குவதால் மேற்படி மீறல்களை நான் ஏற்றுக்கொண்டதாக ஆகாது. இதில் ஏதாவது தவறாக இருந்தாலோ கூடுதல் அவகாசம் வேண்டுமென்றாலோ பத்து நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்."

மூன்றுக்கும் ஒரே கெடு வைக்காததைக் கவனியுங்கள். அடுப்பை அணைக்க ஒரு நிமிடம் போதும், கொத்தனாரைப் பிடிக்க நாளாகும். எல்லாவற்றுக்கும் 24 மணி நேரம் என்று எழுதினால், அது திருத்த வாய்ப்பு கொடுத்ததாகவே ஆகாது. வாடகை வாங்குவதைப் பற்றிய வரி தேவையில்லாதது போலத் தோன்றும். ஆனால் மீறல் தெரிந்தும் மாதாமாதம் பேசாமல் வாடகை வாங்கிக்கொண்டால், அதை மன்னித்துவிட்டதாக எதிர்த்தரப்பு வாதிட இடமுண்டு. எழுதக்கூடாதவையும் உண்டு. இரவில் விருந்தாளி வருகிறார்கள், பிள்ளைகள் சத்தம் போடுகிறார்கள், அடுத்த வருடம் வாடகை உயரும் என்று மனதில் இருக்கும் எல்லாவற்றையும் இதில் கொட்டினால், உண்மையான மூன்று குறைகளும் அந்தக் கூட்டத்தில் காணாமல் போய்விடும்.

கடிதம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் பெயருக்கே போக வேண்டும். நம் உதாரணத்தில் அவர் வளைகுடாவில் இருப்பதால், வீட்டு முகவரிக்கே எழுதி, வீட்டில் இருப்பவரிடம் நேரில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கலாம். பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை கிடைக்கும் முறையில் தபாலிலும் அனுப்பிவிடுவது நல்லது. வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினால் அவருக்குச் சீக்கிரம் தெரியும். ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது. ஜமாஅத்தில் பெரியவர்களை வைத்துப் பேசுவதற்கும் இது தடையில்லை. பேசி முடித்ததை அன்றே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டால், பிறகு யார் என்ன சொன்னார் என்ற தகராறு வராது.

எல்லா மீறலுக்கும் ஒரே விதி என்று நினைத்துவிட வேண்டாம். வாடகை பாக்கிக்குச் சட்டமே கெடு வைத்திருக்கிறது. இரண்டு மாத பாக்கி சேர்ந்து நோட்டீஸ் வந்தால், வட்டியுடன் ஒரு மாதத்துக்குள் கட்டிவிட்டால் அந்தக் காரணத்துக்காக வெளியேற்ற முடியாது. வீட்டை வேறொருவருக்கு உள்வாடகைக்கு விடுவது இதைவிடக் கடுமையானது. வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் செய்தால், முதலில் எச்சரிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. எழுத்து ஒப்பந்தமே இல்லாமல் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஒப்பந்தம் போடத் தவறியதே வெளியேற்றக் கேட்க ஒரு காரணமாக அந்தச் சட்டத்தில் இருக்கிறது. வக்பு சொத்துகளுக்குத் தனிச் சட்டம் உண்டு, அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

இனி கடிதம் கைக்கு வந்தவர் பக்கம். வாங்க மறுக்க வேண்டாம். மறுத்தாலும் கிடைத்ததாகவே பொதுவாக எடுத்துக்கொள்வார்கள், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் போவது மட்டும்தான் மிச்சம். ஒவ்வொரு குறைக்கும் தனித்தனியே பதில் எழுதுங்கள். அந்தம்மாவின் கணவர் இப்படி எழுதலாம்: மாடியில் அடுப்பு இன்றோடு நின்றது. ஏற்கனவே ஒப்புக்கொண்ட இரண்டு ஆர்டர்களையும் கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டில் முடித்துக்கொள்கிறோம். ஜூலை 27 அடைப்புக்கு நாங்கள் பொறுப்பு, ஜூலை 6 அன்று மழைத்தண்ணீரும் சேர்ந்து அடைத்தது, ஆகவே அந்தச் செலவில் பாதியைத் தருகிறோம். தட்டோட்டுக்கு அடுத்த மாதம் சம்பளம் வந்ததும் 45 நாளுக்குள் ஆள் வைக்கிறோம். வீட்டுக்குள் கேஸ் அடுப்பில் சின்ன ஆர்டர் செய்ய அனுமதி வேண்டும், எத்தனை கிலோ வரை என்று நீங்களே எழுதித் தாருங்கள்.

கடைசி வரிதான் இதில் முக்கியமானது. 4ஆவது நிபந்தனையை அப்படியே பார்த்தால் அந்தச் சின்ன ஆர்டரும் மீறல்தான். ஆனால் பாய்க்கு உண்மையில் தொல்லை புகையும் சாக்கடையும் தட்டோடும். ஐந்து கிலோ வரை, உள்ளேயே, எண்ணெயை டப்பாவில் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு துணைத்தாள் எழுதி இருவரும் கையெழுத்திட்டால் வருமானமும் நிற்காது, வீடும் கெடாது.

இந்த இடைக்காலத்தில் வாடகையை ஒரு மாதம்கூட நிறுத்தக்கூடாது. சண்டை நடக்கும்போது வாடகையைப் பிடித்து வைத்தால், கையில் இருந்த சின்னக் குறையோடு பாக்கி என்ற பெரிய காரணத்தையும் நாமே சேர்த்துக் கொடுத்ததாகும். வீட்டுக்காரர் வாங்க மறுத்தால் வங்கி மூலமோ மணியார்டரிலோ அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து மறுத்தால் வாடகை அதிகாரியிடம் கட்ட வழி இருக்கிறது. வீட்டுக்காரரும் தண்ணீர் மோட்டாரை நிறுத்துவது, கரண்டைத் துண்டிப்பது, பூட்டை மாற்றுவது எதையும் செய்யக்கூடாது. தண்ணீர், மின்சாரத்தை நிறுத்துவதை அந்தச் சட்டத்தின் 20ஆவது பிரிவு தடுக்கிறது. பாதிக்கப்பட்டவர் வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்து, விசாரணை முடியும் முன்பே இடைக்கால உத்தரவு வாங்கலாம். வெளியேற்ற உத்தரவிடுவது வாடகை நீதிமன்றம் மட்டும்தான்.

கெடு முடிந்த நாளில் பாய் மாடிக்குப் போய்ப் பார்க்கலாம், ஆனால் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அடுப்பு இல்லை, குழாய் சுத்தமாக இருக்கிறது, தட்டோடு மட்டும் பாதி பாக்கி என்றால், அந்தப் பாதிக்கு மட்டும் இன்னும் 15 நாள் என்று எழுதிக் கொடுக்கலாம். முழுவதும் முடிந்திருந்தால் "ஆகஸ்ட் 2 கடிதத்தில் சொன்ன குறைகள் சரியாகிவிட்டன, ஒப்பந்தம் தொடர்கிறது" என்று ஒரு வரி எழுதித் தேதியிட்டுக் கொடுத்துவிட வேண்டும். பலரும் இதைச் செய்வதில்லை. ஒரு வருடம் கழித்து வேறு ஏதோ மனஸ்தாபம் வரும்போது பழைய கடிதம் மறுபடியும் வெளியே வருவது அதனால்தான். அந்த ஒரு வரியை வாடகைதாரரே கேட்டு வாங்கி, ஒப்பந்தத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.