தொட்ட பிறகு வரும் ஆசை

நாற்பது வயதைத் தாண்டிய ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். திருமணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள், இரண்டு பிள்ளைகள், காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு எட்டாகிவிடும். பகலில் அவருக்கு உடலுறவு நினைப்பே வருவதில்லை. படுக்கையிலும் அவராக எதையும் தொடங்குவதில்லை. "என்னங்க, என்மேல ஆசையே போயிடுச்சா?" என்று மனைவி ஒருநாள் கேட்டுவிடுகிறார். பதில் சொல்லத் தெரியாமல் தவிப்பவரின் கண்ணில், பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் 'ஆண்மைக் குறைவுக்கு நிரந்தரத் தீர்வு' சுவரொட்டி படுகிறது.

பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் அவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். மனைவி அருகில் வந்து, பேச்சும் தொடுதலுமாகக் கொஞ்ச நேரம் போனால் என்ன ஆகிறது? "அப்போ நல்லாத்தான் இருக்கு. இதை ஏன் இத்தனை நாள் விட்டோம்னுகூடத் தோணும்" என்று அவர் சொன்னால், ஆசை அவரிடம் இருக்கிறது. வரும் நேரம்தான் வேறு.

ஆசை முதலில், கிளர்ச்சி பிறகு என்பதுதான் நம் எல்லோர் மனதிலும் பதிந்த வரிசை. 1970களில் அமெரிக்க மருத்துவர் ஹெலன் சிங்கர் கப்லான் வகுத்த வரிசையும் இதுவே. 2000ஆம் ஆண்டில் கனடா மருத்துவர் ரோஸ்மேரி பேசன் இன்னொரு பாதையைக் காட்டினார். நெருக்கத்துக்கு மனம் சம்மதிக்கிறது, தொடுதல் தொடங்குகிறது, உடல் கிளர்கிறது, அதன் பிறகு ஆசை எழுகிறது. பெண்களைப் பற்றித்தான் அவர் இதை எழுதினார். ஆனால் ஆண்களிலும் இந்த இயல்பு உண்டு. தானாக எழும் ஆசை ஒரு வகை, தூண்டலுக்குப் பின் எழும் ஆசை இன்னொரு வகை. ஒரே மனிதரிடம் இரண்டும் இருக்கலாம். இருபது வயதில் முதல் வகை மேலோங்கியிருந்தவருக்கு, நாற்பதில், பழகிய துணையோடு, அசதியான வாழ்க்கையில், இரண்டாவது மேலோங்கலாம்.

'ஆண் என்றால் எப்போதும் தயார்' என்ற நம்பிக்கைதான் இங்கே கெடுதல் செய்கிறது. நம் மனிதர் ஆசை தானாக வரட்டும் என்று காத்திருக்கிறார். வராதபோது தொடுவதையும் நிறுத்திவிடுகிறார். தோளில் கை போட்டால் அடுத்தது என்ன என்று மனைவி எதிர்பார்ப்பாரே, அதற்குத் தன்னால் முடியாவிட்டால் என்ற பயம். மனைவியும் ஒதுக்கப்பட்டதாக நினைத்து விலகிப் படுக்கிறார். அவருடைய ஆசைக்கு இருந்த ஒரே வழி தொடுதல். அதையும் இருவருமாக அடைத்துவிட்டார்கள்.

இதை மாற்ற முதல் வேலை பேச்சு. "எனக்குத் தானா தோணாது, ஆனா நீ பக்கத்துல வந்தா வந்துடும்" என்று அவர் சொல்லிவிட்டால் மனைவியின் பாதி வருத்தம் குறையும். அடுத்து, எதிலும் முடிய வேண்டியதில்லை என்று இருவரும் ஒப்புக்கொண்ட தொடுதல்: முதுகு நீவுவது, அணைத்துப் படுப்பது. இரவு பதினொரு மணி அசதிக்குப் பதில் ஞாயிறு காலையைத் தேர்ந்துகொள்ளலாம். வேண்டாம் என்று மனம் சொல்லும் நாளில் யாரும் யாரையும் தொடங்கச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. தொடங்கும்போது ஆசை இல்லாமல் இருக்கலாம், சம்மதம் இருந்தாக வேண்டும்.

எல்லாவற்றையும் இதில் அடக்கிவிடவும் முடியாது. தொட்ட பிறகும் ஆசை எழவில்லை, தனிமையிலும் கற்பனையிலும்கூட எதுவும் இல்லை, முன்பு இருந்தது சில மாதங்களில் அணைந்துபோனது, காலை விறைப்பும் நின்றுவிட்டது என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆசைக் குறைவை ஒரு கோளாறு என்று சொல்ல, அது ஏறக்குறைய ஆறு மாதம் நீடித்து, அந்த மனிதருக்கே வேதனை தர வேண்டும் என்பது மனநல மருத்துவத்தின் அளவுகோல். மனச்சோர்வு, அதற்கான சில மாத்திரைகள், சர்க்கரை நோய், தைராய்டு, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது எல்லாமே காரணமாகலாம். டெஸ்டோஸ்டிரோன் அளவைக் காலையில், வெவ்வேறு இரண்டு நாள்களில் பார்க்க வேண்டும். ஒரே ஒரு மாலை நேரச் சோதனையை வைத்து 'குறைவு' என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

குறை உறுதியாகாமல் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளவும் வேண்டாம். வெளியிலிருந்து அது வந்தால் உடல் தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துவிடும்; விந்தணு உற்பத்தியும் சரியும். குழந்தைக்குக் காத்திருக்கும் தம்பதியர் இதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.