ஒரே லாபம், இரண்டு ஆலைகள்

என் மாமா கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் முப்பது வருடம் இருந்து ஓய்வுபெற்றவர். பங்கு வாங்கப் பழகிய புதிதில், ஒரு ஆலையின் ஆர்.ஓ.இ கிட்டத்தட்ட 20 சதவீதம் என்று அவரிடம் ஆசை ஆசையாகச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "வட்டி எத்தனை கட்டறான் கண்ணு?"

"அது பார்க்கலீங்க மாமா" என்றேன். உடனே ஒரு நாட்காட்டித் தாளைக் கிழித்துத் திருப்பிப் போட்டு, பேனாவைத் திறந்தார். அந்தத் தாளில் அவர் போட்ட கணக்கைத்தான் இன்றுவரை எந்த ஆலையைப் பார்த்தாலும் மனதுக்குள் போட்டுப் பார்க்கிறேன்.

இரண்டு ஆலைகள், பக்கத்துப் பக்கத்தில். ஒரே மிஷின்கள், ஒரே கவுண்ட் நூல். மிஷினும் கட்டடமும் 70 கோடி ரூபாய், பஞ்சு இருப்புக்கும் நூல் வாங்கியவர்கள் தர வேண்டிய பாக்கிக்கும் 30 கோடி; ஆக ஒவ்வொன்றிலும் 100 கோடி ரூபாய் முடங்கியிருக்கிறது. வட்டியும் வரியும் கட்டுவதற்கு முன், தேய்மானம் கழித்த லாபம் இரண்டிலும் 14 கோடி. அப்படியானால் போட்ட மொத்தப் பணத்துக்குக் கிடைத்தது 14 சதவீதம். இதுதான் ஆர்.ஓ.சி.இ. பணம் யாருடையது என்று அது கேட்பதில்லை.

முதல் ஆலையில் முதலாளிகளின் பணம் 80 கோடி, கடன் 20 கோடி. இரண்டாவதில் முதலாளிகளின் பணம் 25 கோடிதான், மீதி 75 கோடி கடன். வட்டி 10 சதவீதம், வரி 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆலை 2 கோடி வட்டி கட்டி, 3 கோடி வரி கட்டி, 9 கோடியை மிச்சம் பிடிக்கிறது. 80 கோடிக்கு 9 கோடி, ஆர்.ஓ.இ 11 சதவீதத்துக்குச் சற்று மேல். இரண்டாவது ஆலை ஏழரைக் கோடி வட்டி கட்டிவிட்டு, வரியும் போக, ஐந்து கோடிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் நிற்கிறது. ஆனால் அதை 25 கோடியால் வகுக்கிறோம். ஆர்.ஓ.இ 19.5 சதவீதம்! நூல் ஒன்றுதான், மிஷின் ஒன்றுதான். குறைவாகச் சம்பாதித்த ஆலை சந்தையில் கெட்டிக்கார ஆலையாகத் தெரிகிறது.

அடுத்த வருடம் பஞ்சு விலை கையைக் கடித்து, 14 கோடி 7 கோடியாகிறது. முதல் ஆலையின் ஆர்.ஓ.இ 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலும் லாபத்திலேயே இருக்கிறது. இரண்டாவது, 7 கோடி சம்பாதித்து ஏழரைக் கோடி வட்டி கட்ட வேண்டும், நட்டம். அதோடு நிற்காது. 75 கோடிக் கடனில் 50 கோடி மிஷினுக்கு வாங்கிய நீண்டகாலக் கடன், ஏழு வருடத் தவணை என்றால் ஆண்டுக்குச் சுமார் 7 கோடி அசலும் கட்ட வேண்டும். தேய்மானமாகக் கழித்த 5 கோடி ரொக்கமாகக் கையில் இருக்கிறது என்று சேர்த்துக்கொண்டாலும், வட்டி போக நாலரைக் கோடிதான் தேறும். இரண்டரைக் கோடிக்கு மேல் துண்டு விழுகிறது.

மாமா கடைசியாக ஒரு வரி எழுதினார்: லாபம் 10 கோடி. போட்டுப் பார்த்தால் இரண்டு ஆலைகளுக்கும் ஆர்.ஓ.இ சரியாக ஏழரை சதவீதம். ஆர்.ஓ.சி.இ-யும் கடன் வட்டியும் சமமாகும் இடத்தில் கடன் எவ்வளவு இருந்தாலும் ஒன்றுதான். வட்டிக்கு மேலே போனால் கடன் ஆர்.ஓ.இ-யைத் தூக்கிவிடும், கீழே வந்தால் அதே கடன் அதே வேகத்தில் இழுத்துப் போடும். இதனால்தான் நான் முதலில் பார்ப்பது ஆர்.ஓ.சி.இ வட்டியைவிட எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை.

மென்பொருள் நிறுவனத்தில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே பெரிய செலவு சம்பளம், கடன் சொற்பம். நூற்பாலை, சிமெண்ட், இரும்பு எல்லாம் அப்படியல்ல. முதல் கிலோ விற்பதற்கு முன்பே கோடிகளைக் கொட்ட வேண்டும், அதில் பெரும் பங்கு கடனாகத்தான் வரும். அந்தப் பங்கு ஆலைக்கு ஆலை வேறுபடுகிறது. அதனால் ஆர்.ஓ.இ-யை வைத்து ஒப்பிட்டால் மிஷின் நன்றாக ஓடுகிறதா என்பதையும் கடனை எப்படி வாங்கினார்கள் என்பதையும் பிரிக்க முடியாது. வங்கிகளுக்கு ஆர்.ஓ.சி.இ அளவுகோல் பொருந்தாது. அவர்களுக்குக் கடன் வாங்கிய பணமே கச்சாப்பொருள்.

நம் நூற்பாலைகளில் ஆர்.ஓ.சி.இ-யையும் வட்டியையும் பிரிக்கும் கோடு சில காலம் மங்கியே இருந்தது. 1999 ஏப்ரலில் மத்திய அரசு தொடங்கிய தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டம், மிஷின் கடனின் வட்டியில் 5 சதவீதப் புள்ளிகளை ஏற்றுக்கொண்டது. 12 சதவீதக் கடன் ஆலைக்கு 7 ஆனது. 9 சதவீதம் மட்டுமே சம்பாதிக்கும் மிஷின்கூட அந்தக் கணக்கில் லாபமாகத் தெரியும். மானியக் காலம் முடிந்தால் அதே மிஷின் 3 புள்ளி நட்டத்தில் நிற்கும்.

பஞ்சு விலை எவ்வளவு ஆடும் என்பதற்கு 2022 போதும். அந்த மே மாதம் 356 கிலோ கொண்ட ஒரு கேண்டி 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது. அந்த வருடம் முடிவதற்குள் சரிந்தது. உச்ச விலையில் வாங்கிக் கிடங்கில் அடுக்கிய பஞ்சை, இறங்கிய விலைக்கு நூலாக்கி விற்க வேண்டிய நிலை.

ஆர்.ஓ.சி.இ-யையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ள முடியாது. பலரும் மொத்தச் சொத்திலிருந்து நடப்புப் பொறுப்புகளைக் கழித்து மூலதனத்தைக் கணக்கிடுகிறார்கள். நூற்பாலையில் இது தவறான இடத்தில் கொண்டுபோய் விடும். பஞ்சு வாங்க எடுக்கும் கேஷ் கிரெடிட் கடன், இருப்புநிலைக் குறிப்பில் நடப்புப் பொறுப்புகளில்தான் இருக்கும். நம் இரண்டாவது ஆலையின் 25 கோடி கேஷ் கிரெடிட்டைக் கழித்துவிட்டால் மூலதனம் 75 கோடியாகச் சுருங்கி, 14 சதவீதம் கிட்டத்தட்ட 19 ஆகிவிடும். வட்டி கட்டுகிற எந்தப் பணமும் மூலதனம்தான். குறுகிய காலக் கடனையும், ஒரு வருடத்துக்குள் கட்ட வேண்டிய தவணையையும் திரும்பச் சேர்க்க வேண்டும். சீசன் பஞ்சு நிறைந்திருக்கும் மார்ச் 31 கணக்கை மட்டும் பார்க்காமல் செப்டம்பர் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

என்னை ஒருமுறை ஏமாற்றியது இன்னொன்று: மிஷினின் வயது. அதே 100 கோடி ஆலை, பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து. 70 கோடி மிஷினும் கட்டடமும் தேய்மானத்தில் கரைந்து புத்தகத்தில் 20 கோடியாக நிற்கின்றன. பஞ்சு, பாக்கி 30 கோடி, மொத்தம் 50. லாபம் 14-லிருந்து 10 கோடியாகக் குறைந்திருக்கிறது. ஆனால் ஆர்.ஓ.சி.இ 20 சதவீதம்! தொழில் மோசமாகியிருக்கிறது, எண் அழகாகியிருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க ஆண்டறிக்கையில் நிலையான சொத்துகளின் குறிப்புக்குப் போக வேண்டும். வாங்கிய விலை 70 கோடி, இதுவரை கழித்த தேய்மானம் 50 கோடி என்று இருந்தால், சொத்தின் ஆயுளில் எழுபது சதவீதம் போய்விட்டது என்று பொருள். அந்தப் பக்கத்தை மாமாவிடம் காட்டியபோது, "இதையே இன்னிக்கு வாங்கினா என்ன விலைங்கறான்?" என்று கேட்டார். 110 கோடி என்று வைத்துப் போட்டோம். பஞ்சு, பாக்கி 30 கோடி சேர்த்தால் 140. அதே 10 கோடி லாபத்துக்கு 7 சதவீதம்தான் வருகிறது. புது மிஷினில் கரண்ட் செலவும் ஆள் செலவும் குறையும், உண்மை. ஆனால் அதன் கூடுதல் தேய்மானத்தையும் கழித்த பிறகு ஆண்டுக்கு 4 கோடி அதிகம் மிஞ்சினால்தான், வங்கி கேட்கும் 10 சதவீதத்தை அந்த ஆலை எட்டும்.