அசைவின் கணக்கு

கீழப்பாவூரில் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றுபவரின் விரல்கள் ஓய்வதில்லை. ஆயினும் அவர் உடல் நாள் முழுதும் ஓரிடத்திலேயே அமர்ந்திருக்கிறது. வயலில் நாற்று நடுபவரோ நகர்ந்தபடியே வேலை செய்கிறார்.

இத்தகைய வேறுபாட்டின் விளைவை, ழான் மேயர் என்னும் ஊட்டச்சத்து அறிஞர் மேற்கு வங்கச் சணல் ஆலைத் தொழிலாளரிடையே ஆராய்ந்து 1956இல் வெளியிட்டார். அமர்ந்தே பணிபுரிந்தோர், இலேசான உடலுழைப்பு உடையோரைவிட மிகுதியாக உண்டனர்; எடையும் மிகுந்திருந்தனர். அசைவு குறைந்தபோது பசி அதற்கேற்பக் குறையவில்லை.

60 கிலோ எடையுள்ள ஒருவர் நாள்தோறும் ஏறத்தாழ 6000 அடிகள், அதாவது 4 கிலோமீட்டர், கூடுதலாக நடந்தால் சுமார் 120 கிலோகலோரி செலவாகும். அது அரைமணி நேர எடைப்பயிற்சிக்கு ஏறத்தாழ நிகராகும். எனினும், நடந்த களைப்பில் இரண்டு வடை உண்டால் அச்செலவு ஈடாகிவிடும், கொழுப்புக் கரையாது.