ஊறுகாய் பாட்டிலும் ஒரு ஜன்னலும்

வீட்டில் செய்து விற்கும் பொருள்களில் போனில் படம்பிடிக்க மிகவும் சிரமமானது எது என்று கேட்டால், ஊறுகாய் பாட்டில் என்றுதான் சொல்வேன். புடவைக்கு நிறம் சரியாக வர வேண்டும், சோப்புக்கு வடிவம் தெரிய வேண்டும். பாட்டிலுக்கோ எல்லாமே வேண்டும். கண்ணாடி தன் எதிரே இருப்பதையெல்லாம் பிரதிபலிக்கிறது. உள்ளே இருக்கும் மிளகாய்ச் சிவப்பு, படத்தில் துண்டு எது எண்ணெய் எது என்று தெரியாமல் ஒரே திட்டாகிவிடுகிறது. பளபளக்கும் லேபிளில் வெளிச்சம் பட்டு எழுத்து மறைந்துபோகிறது. இந்த ஒன்றைச் சரியாக எடுக்கக் கற்றுக்கொண்டால் சுடுமண் ஜிமிக்கியும் சத்துமாவுப் பாக்கெட்டும் எளிதாக வந்துவிடும். அதனால் அரைக்கிலோ எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் ஒன்றையே எடுத்துக்கொண்டு, தொடக்கம் முதல் கடைசிவரை பார்க்கலாம். தேவைப்படுவது ஒரு ஜன்னல், ஒரு சின்ன மேசை, ஒரு வெள்ளைச் சார்ட் பேப்பர், ஒரு தெர்மாகோல் அட்டை, ஒரு வெள்ளைத் துணி. விளக்கு எதுவும் வாங்க வேண்டாம்.

முதலில் ஜன்னல். வெயில் நேராக உள்ளே விழாத ஜன்னல்தான் வேண்டும். நேர் வெயிலில் வைத்த பாட்டிலின் ஒரு பக்கம் கண்ணைப் பறிக்கும். மறுபக்கம் கறுத்து, கத்தியால் வெட்டியது போன்ற நிழல் விழும். சூரியன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இங்கிருந்து பார்க்க ஒரு சிறு வட்டம்தான். சின்ன இடத்திலிருந்து வரும் வெளிச்சம் கடுமையான நிழலைத் தரும். அதே வெளிச்சம் வானம் முழுவதும் சிதறி, மூன்றடி அகல ஜன்னல் வழியாக வரும்போது பாட்டிலைப் பல கோணங்களிலிருந்து தொடுகிறது. நிழலின் ஓரம் கரைந்து மென்மையாகிறது. மேகம் மூடிய நாளில் எடுத்த படங்கள் நன்றாக இருப்பதும் இதனால்தான்.

வடக்குப் பார்த்த ஜன்னலில் வெயிலே வராது என்று புகைப்படப் புத்தகங்கள் சொல்வது குளிர்நாடுகளுக்குப் பெருமளவு பொருந்தும். நம் ஊருக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை உச்சிவேளைச் சூரியனே தலைக்குச் சற்று வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலுக்குள் வெயில் எட்டிப் பார்க்கும். எனவே திசையைவிட நேரத்தைக் கவனிப்பது நல்லது. உங்கள் ஜன்னலில் எந்த வேளையில் வெளிச்சம் நிறைய இருந்தும் தரையில் வெயில் திட்டு இல்லை என்று ஒரு நாள் பார்த்து வையுங்கள். கிழக்கு ஜன்னலுக்குப் பிற்பகலும் மேற்கு ஜன்னலுக்கு முற்பகலும் பெரும்பாலும் ஒத்துவரும்.

படமெடுக்கும்போது அறையின் டியூப் லைட்டையும் பல்பையும் அணைத்துவிடுங்கள். பலரும் இதற்கு நேர்மாறாக, வெளிச்சம் கூடட்டும் என்று எல்லாவற்றையும் போட்டுவிடுகிறார்கள். பகல் வெளிச்சமும் மஞ்சள் பல்பும் வேறு வேறு நிறம். கண் இரண்டையும் சமாளித்துக்கொள்ளும். போனால் ஏதாவது ஒன்றைத்தான் வெள்ளை என்று எடுத்துக்கொள்ள முடியும். அப்போது பாட்டிலின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் வரும். அதைப் பிறகு எந்த ஆப்பிலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. ஜன்னலுக்கு வெளியே அடர்ந்த வேப்பமரம் இருந்தாலோ, அறைச் சுவர் ரோஸ் நிறமாக இருந்தாலோ, அந்த நிறமும் வெளிச்சத்தோடு சேர்ந்து வெள்ளைப் பேப்பரில் படியும்.

பின்னணிக்கு ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் பெரிய வெள்ளைச் சார்ட் பேப்பர் போதும். வழுவழுப்பான பக்கம் மின்னும் என்பதால் மங்கலான பக்கம் மேலே இருக்கட்டும். மேசையைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, பேப்பரின் மேல் ஓரத்தைச் சுவரில் டேப்பால் ஒட்டி, கீழ்ப் பகுதியை மடிக்காமல் வளைத்து மேசைமேல் படரவிடுங்கள். மடிப்பு விழுந்தால் பாட்டிலுக்குப் பின்னால் குறுக்குக் கோடு ஒன்று தெரியும். வளைந்து வந்தால் தரை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாது. பாட்டில் பின்சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி நிற்க வேண்டும்; ஒட்டி வைத்தால் அதன் நிழல் பின்னணியில் ஏறிவிடும்.

இப்போது பாட்டிலைத் துடைக்க வேண்டும். கைரேகையும் எண்ணெய்ப் பிசுக்கும் கண்ணுக்குப் படாது, படத்தில் பளிச்சென்று தெரியும். வெளிப்புறத்தை வினிகர் தொட்ட துணியால் துடைத்த பிறகு, உள்ளே எண்ணெய் மட்டத்துக்கு மேலே வழிந்திருக்கும் மசாலாவைச் சுத்தமான உலர்ந்த டிஷ்யூ பேப்பர் சுற்றிய குச்சியால் எடுத்துவிடுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் என்றால் வேர்வை அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். போனின் லென்ஸையும் மறக்காமல் துடையுங்கள். படம் முழுதும் பனிமூட்டம் போல வந்தால் பெரும்பாலும் காரணம் லென்ஸில் படிந்த விரல் அழுக்குதான்.

பாட்டிலை ஜன்னலிலிருந்து இரண்டு மூன்றடி தள்ளி, வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து விழும்படி வைத்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கண்ணாடியின் இடது ஓரத்தில் நெடுக்காக ஒரு வெள்ளைப் பட்டை, அதற்குள் வரிவரியாகக் கறுப்புக் கோடுகள் தெரியும். அது உங்கள் வீட்டு ஜன்னல் கம்பி! பாட்டில் ஜன்னலை அப்படியே காட்டுகிறது. வெளிச்சத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் இது போகாது, ஏனென்றால் குறை வெளிச்சத்தின் அளவில் இல்லை. கண்ணாடி எதைப் பார்க்கிறது என்பதில் இருக்கிறது. கரையில்லாத மெல்லிய வெள்ளை வேட்டி ஒன்றை ஜன்னல் முழுதும் மறைக்கும்படி கட்டிவிட்டால், கம்பிகள் மறைந்து வெளிச்சம் இன்னும் பரவும். பாட்டிலில் இருந்த வரிகள் போய், சுத்தமான ஒரே வெள்ளைப் பட்டை நிற்கும். அதை அழிக்க வேண்டாம். இது கண்ணாடி, இது உருண்டை என்று பார்ப்பவருக்குச் சொல்வது அந்தப் பட்டைதான். எஃகு டம்ளர், பித்தளை விளக்கு, வெள்ளிக் கொலுசு எல்லாவற்றுக்கும் இதே வழி பொருந்தும். படமெடுப்பவர் பளிச்சென்ற சட்டை போட்டிருந்தால் மூடியில் அதுவும் தெரியும் என்பதால் அடர்நிற உடையே நல்லது.

பாட்டிலின் வலப்பக்கம் இன்னும் இருண்டுதான் இருக்கும். அந்தப் பக்கம் தெர்மாகோல் அட்டையை, படத்துக்குள் வராதபடி அரையடி தூரத்தில் நிறுத்தினால் ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி நிழலை நிரப்பும். அட்டையைக் கிட்டே கொண்டுவரக் கொண்டுவர இருட்டு குறைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முழுதும் போக்கிவிடக் கூடாது. கொஞ்சம் நிழல் இருந்தால்தான் பொருள் தட்டையாகாமல் கனத்தோடு நிற்கும்.

வெள்ளைப் பின்னணியில் கண்ணாடியின் கழுத்தும் ஓரமும் கரைந்து காணாமல்போவது அடுத்த தொல்லை. இரண்டு விரல் அகலத்தில் கறுப்புத் தாள் கீற்றுகளை வெட்டி, பாட்டிலுக்குச் சற்றுப் பின்னால், இரு பக்கமும் படத்தின் எல்லைக்கு வெளியே நிறுத்துங்கள். தடித்த கண்ணாடியின் விளிம்பு வழியாக அந்தக் கறுப்பு வளைந்து வந்து, மெல்லிய கோடாக ஓரத்தை வரைந்துவிடும்.

இனி போன். அகலக் கோணத்துக்கான 0.5x பக்கம் போகவே வேண்டாம். பாட்டிலுக்கு மிக அருகே போனைக் கொண்டுபோவதும் கூடாது. கிட்டே இருக்கும் பகுதி பெருத்து, எட்ட இருப்பது சிறுத்துவிடும். மேலிருந்து குனிந்து எடுத்தால் மூடி பெரிதாகவும் அடி ஒடுங்கியும் வரும். இரண்டு மூன்றடி பின்னால் நகர்ந்து, 2x வைத்து, லென்ஸ் பாட்டிலின் நடு உயரத்துக்கு நேராக இருக்கும்படி போனைப் புத்தக அடுக்கில் சாய்த்து நிறுத்துங்கள். மூன்று விநாடி டைமர் போட்டால் விரல் அழுத்தும்போது வரும் அசைவும் இருக்காது. பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் வசதியை அணைத்துவிடுங்கள். கண்ணாடியின் ஓரம் எது, பின்னணி எது என்று அதற்குப் பிரித்தறியத் தெரியாமல் பாட்டிலின் விளிம்பையும் சேர்த்துக் கலைத்துவிடும்.

லேபிளின் மேல் விரலை வைத்துத் தொட்டால் ஃபோகஸ் அங்கே நிற்கும். அழுத்திப் பிடித்தால் பல போன்களில் அது பூட்டிக்கொள்ளும். ஐபோனில் AE/AF Lock என்று மேலே காட்டும். இப்போது திரையைப் பாருங்கள். வெள்ளைச் சார்ட் பேப்பர் சாம்பல் நிறமாகத் தெரியலாம். கேமரா பழுதில்லை. காட்சி முழுவதையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவர அது முயல்வதால், நிறைய வெள்ளை இருந்தால் இருட்டாக்குகிறது. பக்கத்தில் தெரியும் சூரியக் குறியை மெல்ல மேலே நகர்த்துங்கள். எங்கே நிறுத்துவது என்பதைப் பேப்பரைப் பார்த்து முடிவுசெய்யாமல் ஊறுகாயைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். எலுமிச்சைத் துண்டின் தோலும் மேலே மிதக்கும் எண்ணெயும் தனித்தனியாகத் தெரியும்வரை ஏற்றலாம். சிவப்பு எண்ணெய் ஒரே பூச்சாக மாறத் தொடங்கினால் கொஞ்சம் இறக்க வேண்டும். பேப்பர் லேசாகச் சாம்பலாக இருந்தாலும் பரவாயில்லை, எடிட் செய்யும்போது அதை வெளுக்கவைக்கலாம். கரைந்துபோன சிவப்பை மட்டும் திரும்பக் கொண்டுவர முடியாது.

லேபிள், ஊறுகாய் இரண்டையும் ஒரே படத்தில் மிகச் சிறப்பாகக் காட்ட ஆசைப்படாதீர்கள். முதல் படம் லேபிளுக்கு: பெயர், எடை, 14 இலக்க உரிம எண் எல்லாம் படிக்க வேண்டும். அதற்குப் பக்கவாட்டு வெளிச்சம் சரி. இரண்டாவது படத்துக்கு லேபிளைத் திருப்பிவிட்டு, வெளிச்சம் பாட்டிலுக்குச் சற்றுப் பின்னாலிருந்து வரும்படி மேசையைக் கொஞ்சம் திருப்புங்கள். வெளிச்சம் எண்ணெய்க்குள் புகுந்து வரும்போது எலுமிச்சை பொன்போல ஒளிரும். முன்பக்கம் இருட்டினால் தெர்மாகோலைப் பாட்டிலுக்கு முன்னே கொண்டுவரலாம். மூன்றாவதாக ஒரு கரண்டி ஊறுகாய் வெள்ளைத் தட்டில் இருக்கட்டும். துண்டின் அளவு அப்போதுதான் வாங்குபவருக்குப் புரியும்.

எடிட் செய்யும்போது நிறத்தைச் சரிபார்க்க எளிய வழி, நிஜப் பாட்டிலைப் போனுக்குப் பக்கத்தில், அதே பகல் வெளிச்சத்தில் வைத்துக்கொள்வது. பேப்பர் நீலம் தட்டினால் வெதுமையைச் சற்றுக் கூட்டுங்கள், மஞ்சள் தட்டினால் குறையுங்கள். நிறத்தின் அடர்த்தியைக் கூட்டும் பட்டையை மட்டும் தொடாதீர்கள். படத்தில் கொஞ்சம் கூடுதலாகச் சிவந்த ஊறுகாய், கையில் கிடைக்கும்போது பழையதுபோலத் தோன்றி, திருப்பி அனுப்பப்படும். அமேசான் போன்ற தளத்தில் விற்பதானால் முதல் படத்தின் பின்னணி கலப்பில்லாத வெள்ளையாக, பொருள் படத்தில் 85 சதவீதம் நிறைந்து இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் அந்த முழு வெள்ளை வராது. பின்னணியை வெட்டியெடுத்துத்தான் வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளருக்கு அனுப்பும்போது HD என்பதைத் தொட்டோ, டாக்குமெண்டாகவோ அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருக்கப்பட்டு, பாடுபட்டு எடுத்த லேபிளின் சின்ன எழுத்துதான் முதலில் மங்கும்.