பக்குவம் தெரிந்தவர்கள்தான் வாங்குகிறார்கள்

கும்பகோணத்துக்காரரான அந்தக் கணக்கு டீச்சர் ஓய்வு பெற்றபின் அங்காயப் பொடி செய்யும் விதத்தை யூடியூபில் போட்டார். புதிதாகக் குடித்தனம் ஆரம்பித்த பெண்களும், வெளியூரில் தனியாகத் தங்கி வேலை பார்க்கும் பையன்களும்தான் பார்ப்பார்கள் என்பது அவர் எண்ணம். பார்த்தவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். ஆனால் "பொடியாகவே அனுப்ப முடியுமா?" என்று கேட்டு வந்தவர்கள் வேறு. சென்னையிலும் பெங்களூரிலும் பிள்ளைகளின் அடுக்குமாடி வீடுகளில் இருக்கும் எழுபது வயதுப் பெண்கள். நாற்பது வருஷம் இதே பொடியைத் தங்கள் கையால் செய்தவர்கள். அளவு சொல்லித்தர வேண்டாத ஆட்கள்.

"எனக்குத் தெரியாததா டீச்சர்? வெயிலுக்கு எங்கே போவேன்?" என்றாராம் ஒருவர். அவர் வீட்டு பால்கனியில் காலை எட்டு மணியிலிருந்து ஒன்பதரை வரைதான் வெயில். அதற்குள் சுண்டைக்காய் காயாது. இன்னொருவருக்குத் தோள்வலி, வாணலிமுன் நின்று அரை மணி நேரம் கை ஓயாமல் கிளற முடியவில்லை. மூன்றாமவருக்கு எல்லாம் முடியும், ஆனால் மிளகாயோ வேப்பம்பூவோ வறுத்தால் மூடிய சமையலறையில் புகை சுற்றி, பேரக்குழந்தை இருமுகிறது. இப்படிப்பட்டவர்களுக்குச் செய்முறை ஒரு பயனும் தராது. அவர்களுக்கு வேண்டியது மொட்டைமாடியும் கையும்.

அங்காயப் பொடியைத் தெரியாதவர்களுக்காக: தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் பிள்ளை பெற்றவர்களுக்கும், காய்ச்சலில் படுத்து எழுந்தவர்களுக்கும் சூடான சாதத்தில் நெய்யோடு பிசைந்து முதல் கவளமாகத் தருவது. சுண்டைக்காய் வற்றலும் மல்லி விதையும் ஐம்பது ஐம்பது கிராம். மணத்தக்காளி வற்றல், மிளகு, சீரகம் மூன்றும் அதில் பாதி. வேப்பம்பூ பதினைந்து கிராம், சுக்கு பத்து கிராம், கடுகு ஒரு டீஸ்பூன், நிழலில் உலர்த்திய கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி, கொஞ்சம் பெருங்காயம். உப்பு மட்டும் அளவுக்குள் அடங்காது. வற்றலை மோரில் உப்புப் போட்டு ஊறவைத்துத்தான் காயவைக்கிறார்கள், ஆகவே ஒவ்வொரு வீட்டு வற்றலிலும் உப்பு வேறு வேறு. ஒரு வற்றலை வறுத்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டு உப்பைத் தீர்மானிக்க வேண்டும் என்கிறார் டீச்சர்.

அளவைவிடப் பெரிய விஷயம், ஒவ்வொன்றையும் தனித்தனியே வறுப்பது. "எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் செய்முறைகளை நான் நம்புவதில்லை. சுண்டைக்காய் வற்றல் உள்வரை சூடேறி, அழுத்தினால் பட்டென உடையும் நிலைக்கு வர சிறு தீயில் நிதானமாக வறுக்க வேண்டும். அந்த நேரத்தில் வேப்பம்பூ சாம்பலாகிவிடும். பூவைக் கடைசியில், அடுப்பை அணைத்துவிட்டு, வாணலியின் மிச்சச் சூட்டிலேயே பிரட்டுவார் இவர். பழுப்பு நிறம் கருமைக்கு நகரத் தொடங்கும்போது தாம்பாளத்தில் கொட்டிவிட வேண்டும். வாணலியிலேயே விட்டால் நாம் கையெடுத்த பிறகும் அது வறுபட்டுக்கொண்டே இருக்கும்.

முதலில் வந்த குறையே இதில்தான். வாங்கியவர்களில் மூத்த ஒருவர் போனில் கூப்பிட்டு, "கசப்பு சரியில்லை டீச்சரம்மா, இது கருகின கசப்பு" என்றார். வேப்பம்பூவின் கசப்பு நெய்யும் சாதமும் சேர்ந்ததும் அடங்கி, விழுங்கியபின் வாயில் ஒரு தெளிவை விட்டுப்போகும். கருகிய கசப்பு நெய்க்கு அடங்காது, தொண்டையில் நிற்கும், கூடவே ஒரு புகைவாசம் இருக்கும். டீச்சர் தன் வீட்டு டப்பாவிலிருந்து எடுத்துப் பிசைந்து சாப்பிட்டுப் பார்த்தார். அவர் சொன்னது சரி. விற்பனைக்காக ஒரேயடியாக மூன்று மடங்கு பூவை வாணலியில் போட்டிருந்தார். அடியில் கிடந்தது கருகியும் மேலே கிடந்தது பச்சையாகவும் போயிருக்கிறது. வீட்டுச் சமையலை மூன்றால் பெருக்கினால் பொருள்கள் பெருகும், வாணலியின் அடிப்பரப்பு பெருகாது. அதன்பின் எவ்வளவு ஆர்டர் வந்தாலும் பழைய அளவைத் தாண்டுவதில்லை. ஒரு ஈடு வறுத்து இறக்கி, அடுத்த ஈடு போடுகிறார்.

இரண்டாவது குறை அவரைக் கொஞ்சம் திணறடித்தது. ஒரே நாளில் அரைத்த பொடி. அவர் வீட்டுப் பாட்டிலில் பொலபொலவென்று இருக்கிறது, சென்னைக்குப் போன பாக்கெட்டுகளில் சில கட்டிதட்டிவிட்டன. ஈரக் கரண்டி போட்டிருப்பார்களோ என்று முதலில் சந்தேகம். ஆனால் நாற்பது வருஷம் பொடி அரைத்தவர்கள் ஈரக் கரண்டி போடுவார்களா? எந்தப் பாக்கெட் எப்போது கட்டினோம் என்று யோசித்துப் பார்த்ததில் விடை கிடைத்தது. கூரியர்காரர் வந்துவிடுவார் என்ற அவசரத்தில், அரைத்த கையோடு சிலவற்றை அடைத்து ஒட்டியிருக்கிறார். வறுத்த பொருள் ஆறியிருந்தாலும் மிக்ஸி ஓடும்போது பொடி மறுபடி சூடாகிறது. அந்தச் சூட்டில் கிளம்பும் கொஞ்ச நீராவி, ஒட்டிய பாக்கெட்டுக்குள் வெளியேற வழியில்லாமல் குளிர்ந்து பொடியிலேயே இறங்குகிறது. உப்பு அதைப் பிடித்துக்கொள்கிறது. வீட்டில் வைத்தது பாத்திரத்தில் திறந்தபடி ஆறியதால் தப்பித்தது.

இப்போது அரைத்த பொடியைத் தாம்பாளத்தில் பரப்பி, மெல்லிய வெள்ளைத் துணி போர்த்தி, கைக்குச் சூடே தெரியாத வரை விடுகிறார். பிறகு சலித்து அடைக்கிறார். கல் உப்பையும் வாணலியில் படபடப்பு அடங்கும்வரை வறுத்தே சேர்க்கிறார். சந்தேகம் வந்தால் கொஞ்சம் பொடியைக் கண்ணாடிப் பாட்டிலில் இறுக மூடி, வெயில் படும் ஜன்னலில் வைப்பார். மாலையில் உள்பக்கக் கண்ணாடியில் மூச்சுவிட்டதுபோல் மங்கல் தெரிந்தால், ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஈடு விற்பனைக்குப் போகாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அரைப்பதையே நிறுத்திவிடுகிறார். தேங்காய்ப் பொடி கேட்பவர்களுக்கு எப்போதும் இல்லை என்ற பதில்தான். தேங்காயில் எண்ணெய் உண்டு, நாளானால் சிக்கு வாடை வந்துவிடும். வீட்டில் ஒரு வாரத்தில் தீர்ந்துபோகிற பொடிக்கும், கூரியரில் பயணம் செய்து யாருடைய அலமாரியிலோ இரண்டு மாதம் இருக்கப்போகிற பொடிக்கும் ஒரே நியாயம் பேச முடியாது.

விலையில் கணக்கு டீச்சரே சறுக்கியிருக்கிறார் என்பது எனக்குச் சுவாரசியமாக இருந்தது. வாங்கிய சரக்கின் எடையைக் கொண்டே முதலில் விலை வைத்தார். வறுக்கும்போது ஈரம் போகிறது, சலிக்கும்போது கப்பி நிற்கிறது, மிக்ஸி ஜாரில் கொஞ்சம் ஒட்டுகிறது. கடைசியில் கைக்கு வருவது போட்டதைவிடக் குறைவு. ஆகவே அரைத்து முடித்த பொடியை நிறுத்து, அதன்மேல்தான் செலவைப் பங்கிட வேண்டும். கூரியரில் இன்னொரு சங்கதி. பல இடங்களில் அரைக் கிலோ வரை ஒரே கட்டணம். நூறு கிராம் வாங்குகிறவரும் நானூறு கிராம் வாங்குகிறவரும் ஒரே தொகை கொடுக்கிறார்கள். இதை அவர் சொல்லாமலே அந்தப் பாட்டிமார் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரே குடியிருப்பில் நாலு வீட்டுக்குச் சேர்த்து ஒருவர் ஆர்டர் போடுகிறார்.

வீட்டில் செய்து விற்பதற்கும் பதிவு வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இல் வந்தது. அதன்கீழ் 2011-இல் வந்த உரிம விதிகள், ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாயைத் தாண்டாத சிறு தயாரிப்பாளருக்கு உரிமம் இல்லாமல் எளிய பதிவே போதும் என்றன. அந்த விதிகளின்படி கட்டணம் ஆண்டுக்கு நூறு ரூபாயாக இருந்தது. அந்தப் பதினான்கு இலக்கப் பதிவு எண்ணைப் பாக்கெட்டில் போட வேண்டும். பதிவைவிட லேபிள்தான் அவருக்கு அதிக வேலை வைத்தது. என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதை, எடையில் அதிகமானதில் தொடங்கி வரிசையாக எழுத வேண்டும். "வயிற்றுக் கோளாறுக்கு மருந்து" என்று போடலாமே என ஒரு உறவினர் யோசனை சொன்னார். நோயைக் குணமாக்கும் என்று உணவுப் பொருளின் லேபிளில் எழுதச் சட்டம் இடம் தராது. டீச்சருக்கும் அதில் மனமில்லை. கர்ப்பமாக இருப்பவர் யாராவது கேட்டால், டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்கிறார்.

லேபிளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்ட பிறகு ஓர் இளம் தாய் கூப்பிட்டார். அவர் மகனுக்கு சீலியாக் நோய். கோதுமையில் இருக்கும் குளூட்டன் துளி உள்ளே போனாலும் சிறுகுடல் பாதிக்கப்படும்.

"டீச்சர், உங்க பொடியில கோதுமை இல்லைதானே?"

"மிளகு சீரகம் போட்ட பொடியில கோதுமை எங்கேம்மா வரும்?" என்று சொல்ல வாயெடுத்தவர், நிறுத்திக்கொண்டு பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். நாம் கடையில் வாங்குவது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். சுத்தமான பெருங்காயப் பிசினின் நெடி தாங்காது, அளந்து போடவும் வராது. அதனால் கருவேலம் பிசினும் மாவும் கலந்து விற்கிறார்கள். அந்த மாவு பல தயாரிப்புகளில் கோதுமை மாவு. டப்பாவின் பின்னால் பொடி எழுத்தில் இருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் படித்ததில்லை. குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் லேபிளில் தனியே சொல்லியாக வேண்டும் என்பதும் விதி. லேபிளைத் திருத்தினார்.

அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கிடைக்கிறது. அதைப் போட்டு அரைத்துத் தருவீர்களா என்று அந்தத் தாய் கேட்டார். டீச்சர் யோசித்தார். அதே மிக்ஸியில்தான் கோதுமை ரவை அரைபடுகிறது, அதே சல்லடையில்தான் சப்பாத்தி மாவு சலிக்கப்படுகிறது. எவ்வளவு கழுவினாலும் சல்லடைக் கண்களில் என்ன ஒட்டியிருக்கிறது என்று அவரால் உறுதி சொல்ல முடியாது.

"விக்க மாட்டேம்மா. நீயே செஞ்சுடு, நான் போன்ல கூட இருக்கேன்" என்றார்.

வற்றலையும் மற்ற சரக்கையும் மாவு கலக்காமல் முழுதாக வாங்கி, கல் தூசி பொறுக்கி, புது சல்லடை ஒன்று எடுத்துக்கொண்டு அந்தப் பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்பைப் பற்றவைத்தார். வீடியோ காலில் வாணலியைக் காட்டச் சொல்லி, வேப்பம்பூவின் நிறத்தைப் பார்த்து "இப்போ இறக்கு" என்று டீச்சர் சொன்னது கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது, இணைப்பு விட்டு விட்டு வந்ததால். அந்த ஈடு கருகிவிட்டது. இரண்டாவது ஈட்டைச் சரியான நேரத்தில் இறக்கியது அந்தப் பெண்ணேதான்.